சுகர் ஸ்ட்ரிப்பும் பி.பி. மெஷினும்: ஒரு டெஸ்டுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது?

கேள்வி: "அம்மாவுக்கு 74 வயது. 18 வருடமாக சுகர், கூடவே பிரஷர். மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்லை. வாரம் இரண்டு முறை வீட்டிலேயே சுகர் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். 50 ஸ்ட்ரிப் பாக்ஸ் 950 ரூபாய், 25 பாக்ஸ் 560 ரூபாய் சொல்கிறார்கள். மெஷினோடு 50 ஸ்ட்ரிப் சேர்த்து ஒரு ஆஃபரும் இருக்கிறது. பி.பி. மெஷின் 1,500க்கும் இருக்கிறது, 2,800க்கும் இருக்கிறது. ஒரு டெஸ்டுக்கு எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? எதை வாங்கினால் லாபம்?"

நான் பார்மசிஸ்ட். இருபது வருடத்துக்கு மேல் மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். மெஷின், ஸ்ட்ரிப், அளவு தப்பாக வருவது, இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். எந்த மாத்திரையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது டாக்டரின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

950ஐ 50ஆல் வகுத்தால் 19 ரூபாய். 560ஐ 25ஆல் வகுத்தால் 22 ரூபாய் 40 காசு. பார்த்தவுடன் பெரிய பெட்டிதான் மலிவு என்று தோன்றும், கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் உங்கள் வீட்டுக்கு இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். காரணம், பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன டப்பா. ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி பூசியிருக்கும். ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். அதனால்தான் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து, இறுக்கமான மூடி போட்டிருக்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஊர்க் காற்று கொஞ்சம் உள்ளே போகும். ஆகவே பல கம்பெனிகள், அச்சிட்ட காலாவதித் தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும், டப்பாவைத் திறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்த்துவிடச் சொல்கின்றன. சிலது ஆறு மாதம் தருகிறது. இன்னும் சிலது அச்சிட்ட தேதி வரைக்கும் தாங்கும். டப்பாவின் லேபிளிலோ உள்ளே இருக்கும் தாளிலோ பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது இதைத்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். வாரம் இரண்டு டெஸ்ட், 90 நாள் என்றால் கிட்டத்தட்ட 13 வாரம். ஆக 26 டெஸ்ட். 50 ஸ்ட்ரிப்பும் ஒரே டப்பாவில் இருந்து, அது 90 நாள் வகையாகவும் இருந்தால், கெடு முடியும்போது 20க்கு மேல் ஸ்ட்ரிப் உள்ளேயே கிடக்கும், அவை குப்பைக்குத்தான். 950 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைத்தது 26 டெஸ்ட், அதாவது ஒன்றுக்கு 36 ரூபாய் 50 காசு. 25 பாக்ஸை எடுத்தால், புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பத்தில் ஒன்று எரர் காட்டி வீணாகும் என்று நான் கணக்கு வைப்பேன். அதைக் கழித்து 22 நல்ல டெஸ்ட். 560ஐ 22ஆல் வகுத்தால் 25 ரூபாய் 50 காசு. சின்னப் பெட்டி ஒரு டெஸ்டுக்குப் பதினோரு ரூபாய் மலிவு.

ஆனால் எல்லா 50 பெட்டியும் ஒன்றல்ல. சில கம்பெனிகள் அதே 50ஐ இரண்டு டப்பாவாக, 25, 25 என்று பிரித்து வைக்கின்றன. ஒவ்வொரு டப்பாவுக்கும் தனித்தனிக் கெடு, திறக்காத டப்பா அச்சிட்ட தேதி வரை அப்படியே இருக்கும். அந்தப் பெட்டிதான் உங்களுக்குச் சரி. 45 நல்ல டெஸ்ட் வரும், ஒன்றுக்கு 21 ரூபாய். அச்சிட்ட தேதி வரை தாங்கும் வகையானால் ஒரே டப்பாவானாலும் இதே 21தான். ஆனால் வாரம் இரண்டு என்ற வேகத்தில் 50 தீர ஆறு மாதம் ஆகும், தேதி அதைவிடத் தள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இந்த இரண்டு விலைக்கு, 90 நாள் வகையில் 50 ஒரே டப்பா கட்டுபடியாக வேண்டுமென்றால் வாரம் குறைந்தது மூன்று டெஸ்ட் செய்ய வேண்டும். தினமும் பார்க்கிற இன்சுலின்காரர்களுக்குப் பெரிய டப்பா லாபம்தான். அவர்களுக்குச் சொல்லும் யோசனையை உங்களுக்கும் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. எம்.ஆர்.பி.யை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். பில்லில் வரும் விலை பெரும்பாலும் அதைவிடக் கீழே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்ட்ரிப்புக்கும் குளுக்கோமீட்டருக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஸ்ட்ரிப் தவிர மற்ற செலவெல்லாம் சில்லறை. லான்செட் நூறு 150 ரூபாய் என்றால், ஒரு குத்துக்கு ஒன்றரை ரூபாய். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் மழுங்கும், வலிக்கும். வலித்தால் அம்மா அடுத்த முறை விரலை நீட்டமாட்டார். வீட்டில் அப்பாவுக்கும் சுகர் என்றால் அவருக்குத் தனி ஊசி, முடிந்தால் குத்தும் பேனாவும் தனி. அறுபது வருடத் தம்பதி என்றாலும் ரத்தம் படும் பொருளைப் பகிரக் கூடாது. மெஷின் 700 ரூபாய் என்று வைத்து, மூன்று வருடத்தில் 312 டெஸ்ட் செய்தால் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. அதே மூன்று வருடத்தில் ஸ்ட்ரிப்புக்கு மட்டும் 6,500 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். மெஷினைச் சும்மா கொடுத்தாலும் கம்பெனிக்கு நஷ்டமில்லை என்பது இதனால்தான். முதலில் ஸ்ட்ரிப்பைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் தெருமுனைக் கடையில் வருடம் முழுக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள், மெஷின் அதன் பின்னால் தானாக வரும்.

எரர் கணக்கைச் சொன்னேன், அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. வயதானவர்களின் விரல் நுனி குளிர்ந்து, தோல் தடித்துப் போயிருக்கும். குத்தினால் கடுகளவுகூட வராது. உடனே நாம் விரலைப் பிதுக்குவோம், வந்த அரைத் துளியை ஸ்ட்ரிப்பில் தேய்ப்போம், மெஷின் எரர் காட்டும், இருபது ரூபாய் போகும். அதற்குப் பதில், வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒரு நிமிடம் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், அங்கே வலியும் குறைவு. துளி உருண்டு நிற்கும்வரை பொறுத்து, அதன் பிறகே ஸ்ட்ரிப்பின் வாயைத் துளியில் வையுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதானால் அது முழுக்கக் காய வேண்டும். எனக்குச் சோப்பும் தண்ணீரும்தான் பிடித்தது, காசும் இல்லை.

கழுவுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல. ஒரு மே மாதம், வாடிக்கையாளர் அம்மா ஒருவர் பதறிப்போய்க் கடைக்கு வந்தார், வீட்டில் 312 காட்டிவிட்டதாம். விரலைப் பார்த்தேன், நகத்தோரம் மஞ்சளாக இருந்தது. பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குத்தியிருக்கிறார். கையைக் கழுவச் சொல்லிவிட்டு அவருடைய மெஷினிலேயே பார்த்தோம், 148. மாம்பழத்தின் சர்க்கரையை மெஷின் ரத்தத்தின் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டது. எரர் வந்தாலாவது வீண் என்று தெரியும். இப்படிப் பொய்யாக வரும் எண்ணுக்கும் ஒரு ஸ்ட்ரிப்தான் செலவு, ஆனால் அதை நம்பி ஒரு மாத்திரை கூடப் போட்டுவிட்டால் அந்தச் செலவைக் கணக்கில் எழுத முடியாது.

இன்னொருவர் ஊருக்குப் போகும்போது வசதி என்று பத்து ஸ்ட்ரிப்பை மாத்திரை டப்பாவில் கொட்டி எடுத்துப் போனார். திரும்பி வந்து மெஷின் ரிப்பேர் என்றார். மெஷினில் ஒன்றுமில்லை, வேறு டப்பாவுக்கு மாற்றிய ஸ்ட்ரிப் ஈரம் குடித்துவிட்டது. ஸ்ட்ரிப் அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். பல டப்பாக்களில் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். நம் கோடைக்கு அது எட்டாத கனவு, இருந்தாலும் வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியைப் பாருங்கள். டப்பாவைத் திறந்த தேதியை மார்க்கர் பேனாவால் மேலேயே எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் எட்டு மாதமாகத் திறந்து கிடக்கும் டப்பாவோடு கடைக்கு வருகிறார்கள்.

இனி, வரும் எண்ணின் நம்பகம். இந்த வீட்டு மெஷின்களுக்கான சர்வதேசத் தரத்தின்படி, 100க்கு மேல் இருக்கும் அளவுகளில் 95 சதவீதம், லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அதாவது உண்மையில் 140 என்றால் 119 காட்டினாலும் 161 காட்டினாலும் மெஷின் தரத்துக்கு உட்பட்டதுதான். 152 வந்துவிட்டது, சரியா என்று மறுபடி குத்தி 139 வந்து, எது நிஜம் என்று மூன்றாவதாகக் குத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று ஸ்ட்ரிப், அறுபது ரூபாய், மூன்று எண்ணும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மறுபடி பார்ப்பது, எண்ணும் அம்மாவின் நிலையும் பொருந்தாதபோது மட்டும். லேபோடு ஒப்பிட வேண்டுமென்றால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் கொடுக்கும் அதே சில நிமிடத்துக்குள் விரலிலும் பாருங்கள். சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை, லேபில் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், அதை மெஷின் பிழை என்று எண்ண வேண்டாம். அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தால் ஒரு எச்சரிக்கை: சிவப்பணு குறைந்த ரத்தத்தில் பல மெஷின்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பல வருட சுகரில் கிட்னி பாதித்தவர்களுக்கு ரத்தசோகை சகஜம் என்பதால் இதை டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது.

அப்புறம், செலவை நிஜமாக முடிவு செய்வது ஸ்ட்ரிப்பின் விலையைவிட எத்தனை தடவை, எப்போது பார்க்கிறோம் என்பதுதான். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள் தினமும் குத்திக்கொள்வதால் பெரிய பலன் இல்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஆனால் எந்த மாத்திரை என்பது முக்கியம். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை தள்ளும், அதுவும் வயதானவர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால். அம்மாவின் சீட்டில் அந்த வகை இருந்தால் வியர்வை, படபடப்பு, திடீர்க் குழப்பம் வரும்போது பார்க்க ஐந்து ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பில் வேண்டும். 70க்குக் கீழே வந்தால், நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு ஸ்ட்ரிப். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போகிறார் என்றால், வாரம் இரண்டு என்று தூவுவதைவிட வேறொரு முறை எனக்குப் பிடிக்கும். டாக்டரிடம் போவதற்கு முந்தைய வாரம், ஏழு நாளும் காலை வெறும் வயிற்றில் ஒன்று, ஒரு வேளை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. அந்த வேளையை ஒரு நாள் காலை, மறுநாள் மதியம், அடுத்த நாள் இரவு என்று மாற்றுங்கள். 14 ஸ்ட்ரிப் ஆகும். ஐந்து அவசரத்துக்கு, மூன்று எரருக்கு, மூன்று உபரி. ஒரு 25 டப்பா, ஒரு மூன்று மாதம், கெடுவுக்குள் தீர்ந்துவிடும். சிதறிய 26 எண்ணைவிட இந்த ஒரு வார எண்கள் டாக்டருக்கு அதிகம் பேசும். மூன்று மாதச் சராசரியைத்தான் எச்.பி.ஏ.1.சி. லேபில் சொல்லிவிடுகிறதே. இதற்கு டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். மாத்திரை மாற்றிய மாதம், காய்ச்சல் கண்ட வாரம் என்றால் கூடுதலாகப் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் சுகரும் பி.பி.யும் காசில்லாமல் பார்க்கிறார்கள், அதையும் நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

பி.பி. மெஷின் கணக்கு இதற்கு நேர் எதிர். இதில் தீரும் பொருள் கிடையாது, அதனால் பார்க்கப் பார்க்க ஒன்றின் விலை இறங்கும். வருடம் 300 தடவை, ஐந்து வருடம் உழைத்தால் 1,500 அளவு. 1,500 ரூபாய் மெஷினுக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய், 2,800க்கு ஒரு ரூபாய் 87 காசு. பேட்டரிக்கு இன்னும் சில காசு சேருங்கள். ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை, ஆகவே விலையை வைத்து முடிவெடுக்காதீர்கள். கையில் சுற்றும் பட்டை அளவை வைத்து முடிவெடுங்கள். தையல் டேப்பால் அம்மாவின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் புயத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை. 34 இருக்கும் கைக்கு அதை இழுத்துச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகவே காட்டும். இல்லாத பிரஷருக்கு மாத்திரை கூடி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்தால், இடுப்பெலும்பு ஆபரேஷன் செலவு எந்த மெஷின் விலையிலும் அடங்காது. மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம், கை வைக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலே அளவு மாறும். வாங்கும் முன், பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், பெரும்பாலும் முதலில் காற்றுக் கசிவது அதுதான். மாடல் முறையாகப் பரிசோதிக்கப்பட்டதா என்று stridebp.org பக்கத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பி.பி.யில் ஒரு தடவை அழுத்தி வரும் எண் ஒரு "டெஸ்ட்" ஆகாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, காலை இரண்டு, மாலை இரண்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் இப்படி. முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24 எண்ணின் சராசரிதான் டாக்டருக்கு வேண்டிய முடிவு. 28 தடவை அழுத்தினால் ஒரு முடிவு, செலவு அறுபது ரூபாய்க்குள். சுகர் பார்க்கும் அதே வாரத்தில் இதையும் வைத்துக்கொண்டால் நோட்டில் ஒரே பக்கம். அந்த வாரத்தில் ஒரு நாள், உட்கார்ந்து பார்த்த பின் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள், பக்கத்தில் பிடித்தபடி. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பல வருட சுகரில் நரம்பு பாதித்தவர்களுக்கு இது வரும், உட்கார்ந்து மட்டும் பார்த்தால் தெரியாது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் அவ்வளவு நம்பகமில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று அளவு எடுத்துச் சராசரி பார்ப்பதே வழி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மெஷினைச் சோதிக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. யாரும் செய்வதில்லை. குறைந்தது வருடம் ஒருமுறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப்போய் அவர் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த ஆஃபர். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 50ம் ஒரே டப்பாவா, இரண்டா, காலாவதி எப்போது என்று பாருங்கள். ஆஃபரில் தள்ளிவிடுவது பெரும்பாலும் நான்கைந்து மாதத்தில் காலாவதியாகும் சரக்கு. இரண்டு டப்பாவாக இருந்து, வருடத்துக்கு மேல் தேதி இருந்து, அந்த மெஷினின் ஸ்ட்ரிப் பின்னாலும் இதே விலையில் கிடைக்குமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டப்பா, 90 நாள் வகை என்றால் அதில் 25தான் உங்களுடையது என்று நினைத்து விலை பேசுங்கள்.